சராசரி 14 சதவீத லாபம், ஆனால் கையில் நஷ்டம்: எப்படி?

“சராசரி ஆண்டு வருமானம் நன்றாக இருக்கிறது, என் பணம் மட்டும் ஏன் அந்த அளவு வளரவில்லை?”

சென்செக்ஸின் 2008, 2009 ஆண்டுகளைப் பாருங்கள். 2007 கடைசியில் 20,287, ஓராண்டில் 9,647, அடுத்த ஆண்டு முடிவில் 17,465. அதாவது முதலில் 52.4 சதவீத இறக்கம், அப்புறம் 81 சதவீத ஏற்றம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஆண்டுக்கு 14.3 சதவீத லாபம். ஆனால் டிவிடெண்டை விட்டுவிட்டால், போட்ட 1 லட்சம் 47,600 ஆகி, 86,100-க்குத்தான் திரும்பியது. கூட்டு வளர்ச்சி விகிதம், அதாவது சிஏஜிஆர், ஆண்டுக்கு மைனஸ் 7.2 சதவீதம்.

காரணம், 81 சதவீதம் வந்தது மிஞ்சிய 47,600-க்குத்தான், முழு லட்சத்துக்கு இல்லை. சராசரி என்பது வருமானங்களைக் கூட்டுகிறது. பணமோ பெருக்கலில் நகர்கிறது.

சராசரிக்கும் கூட்டு வளர்ச்சிக்கும் இடையிலான இந்த இழப்பைத் தோராயமாகக் கணிக்கலாம்: வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில் பாதி. விலக்கம் 20 சதவீதம், அதாவது 0.2 என்றால் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் போகும். 40 என்றால் 8. ஏற்ற இறக்கம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. இதுபோன்ற பெரிய சரிவுகளில் கணிப்பு கொஞ்சம் பிசகும்.

ஃபண்ட் விளம்பரத்தில் ‘சராசரி’ என்று கண்டால், சிஏஜிஆர் எவ்வளவு என்று கேளுங்கள்.