ஆபரேஷன் நடுவில் ரத்தம் நிற்காவிட்டால் 'டெக்' என்று ஒரு கிராஃப் எடுக்கிறார்களே, அதில் அப்படி என்ன தெரியும்?

மயக்க மருத்துவராக இதை அடிக்கடி பார்ப்பது இதய ஆபரேஷன்களில்தான், அதை வைத்தே சொல்கிறேன்.

டெக் என்பது திராம்போஎலாஸ்டோகிராஃபி, ரத்தம் உறைவதைக் கோடாக வரையும் சோதனை. பழைய மாடல் கருவியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அரை மில்லிக்கும் குறைவான ரத்தம் இருக்கும். 37 டிகிரி சூட்டில் கிண்ணம் இப்படியும் அப்படியும் மெதுவாகத் திரும்பும். உள்ளே ஒரு ஊசி தொங்கும். ரத்தம் உறைய உறைய ஊசியும் கிண்ணத்தோடு சேர்ந்து அசையத் தொடங்கும், அந்த அசைவுதான் திரையில் கோடாக விரிகிறது. உறையத் தொடங்க எடுத்த நேரம் R. கோடு அதிகபட்சம் எவ்வளவு அகலமாகிறதோ அது MA, அதாவது உறைந்த ரத்தக்கட்டியின் வலு. அதன் பிறகு வால் சீக்கிரம் குறுகினால் கட்டி கரைகிறது என்று பொருள். அப்போது அந்தக் கரைதலைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் பற்றி யோசிப்போம்.

சரி, ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பைபாஸ் முடிந்தது, அதற்காக ரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்க புரோட்டமைன் கொடுத்தாயிற்று. இருந்தும் நெஞ்சுக்குள் எல்லாப் பக்கமும் கசிகிறது. இரண்டு கிண்ணம் ஓட்டுகிறோம்: ஒன்று சாதாரணம், இன்னொன்றில் ஹெப்பாரினை அழிக்கும் ஹெப்பாரினேஸ் என்சைம். முதலாவதில் R 14 நிமிடம், இரண்டாவதில் 7. வழக்கமாக 5 முதல் 10 இருக்கும். ஆக, உறைதல் காரணிகளில் குறையில்லை, ஹெப்பாரின்தான் மிச்சம் இருக்கிறது. இங்கே பிளாஸ்மா ஏற்றிப் பயனில்லை, இன்னும் கொஞ்சம் புரோட்டமைன் போதும். இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே கருவியை வாங்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம் MA. இரண்டு கிண்ணத்திலும் 41 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50க்கு மேல் வர வேண்டும். உடனே பிளேட்லெட் கேட்கத்தான் கை போகும், ஆனால் கட்டியின் வலுவில் ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதத்துக்கும் பங்கு உண்டு. பிளேட்லெட்டை மருந்தால் முடக்கிவிட்டு ஃபைப்ரினோஜன் பங்கை மட்டும் அளக்கும் தனிக் கிண்ணம் இருக்கிறது. அதிலும் அளவு தாழ்ந்திருந்தால் முதலில் ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோபிரெசிபிடேட். அது சரியாக இருந்தால்தான் பிளேட்லெட்.

லேபில் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. இதைச் சொல்லாது. அவை பிளேட்லெட் நீக்கிய பிளாஸ்மாவில், உறையத் தொடங்கும் நொடியோடு முடிந்துவிடும் சோதனைகள்.

ஆனால் கோடு அழகாக வந்தும் ரத்தம் கொட்டுவதுண்டு. அப்போது முதல் சந்தேகம் ஏதோ ஒரு ரத்தக்குழாய் அல்லது தையல் மேல்தான். சர்ஜனைத் திரும்பத் தேடச் சொல்வோம். அடுத்தது நோயாளியின் உடல்சூடு. அவர் 33 டிகிரியில் குளிர்ந்து கிடக்க, கிண்ணம் மட்டும் 37இல் ஓடுவதால் குளிரால் வரும் கோளாறு திரையில் தெரியாது. மூன்றாவது, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல். உறைதலைத் தூண்டக் கிண்ணத்தில் சேர்க்கும் கயோலின், பிளேட்லெட்டை பலமாகத் தூண்டும் திராம்பினை ஏராளமாக உண்டாக்கிவிடும். இந்த மருந்துகள் அடக்கி வைத்திருக்கும் பிளேட்லெட்டும் அதில் விழித்துக்கொள்ளும். MA சாதாரணமாகவே காட்டும். அதைக் கண்டுபிடிக்க பிளேட்லெட் மேப்பிங் என்ற வேறு சோதனை வேண்டும்; முடியாவிட்டால் கடைசியாக எப்போது மாத்திரை போட்டார் என்று கேஸ் ஷீட்டைப் புரட்ட வேண்டியதுதான்.