இன்ஸ்டா போனால் பேஸ்புக்கும் போகுமா?

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் படம் போட்டு ஆர்டர் எடுப்பேன், கணக்கைத் தொடங்கும்போதே பேஸ்புக்கோடு இணைத்துவிட்டேன். ஒன்றை முடக்கினால் மற்றதும் சேர்ந்து போய்விடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? பிரித்து வைக்க வேண்டுமா?

பதில்: உண்மைதான். இது வதந்தி இல்லை. பேஸ்புக்கை முடக்கும்போது, பேஸ்புக், இன்ஸ்டா இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம் அனுப்பும் அறிவிப்புகளில் ஒருவகை, உங்கள் பேஸ்புக்கில் எந்தத் தப்பும் சொல்லாது, "உங்களோடு இணைந்துள்ள இன்ஸ்டாகிராம் கணக்கு எங்கள் விதிகளைப் பின்பற்றவில்லை" என்று மட்டும் சொல்லும். பல வருடமாகப் பேஸ்புக்கில் பேரப்பிள்ளைகள் படத்தையும் ஊர்த் திருவிழாப் படத்தையும் மட்டும் போட்டவருக்கும் அதே அறிவிப்புதான் வரும்.

இணைப்பு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பெயர் Accounts Center. இன்ஸ்டாகிராமில் உங்கள் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் மூன்று கோட்டைத் தொட்டால் முதலில் தெரிவதே அதுதான். உள்ளே Accounts என்பதைத் தொட்டால் உங்கள் பெயரில் சேர்ந்திருக்கிற கணக்குகள் எல்லாம் வரிசையாக வரும். இப்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். எப்போதோ சோதித்துப் பார்க்க ஆரம்பித்த பழைய இன்ஸ்டா கணக்கு ஒன்று பெரும்பாலும் அங்கே கிடக்கும், அது கெட்டாலும் பாதிப்பு இந்தப் பக்கம் வரலாம்.

உங்கள் தொழிலில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். குழந்தைகளுக்கான பெட்ஷீட்டில் பெரிய நிறுவனங்களின் கார்ட்டூன் உருவங்கள் இருக்கும், மொத்த வியாபாரியிடமிருந்து வாங்கும்போது உரிமம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் படத்தைப் போட்டதும் உரிமைக்காரர் புகார் கொடுக்கிறார், பதிவு நீக்கப்படுகிறது. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த டிசைனைப் போடுகிறீர்கள், அதற்கும் புகார். திரும்பத் திரும்பப் புகார் வந்தால் பதிவோடு நிற்காது, கணக்கையே முடக்குவார்கள். அது Accounts Center-இல் இணைந்திருந்தால் உங்கள் சொந்தப் பேஸ்புக்கும் சேர்ந்து மூடலாம். அந்தப் பேஸ்புக் கணக்குதான் கடையின் பேஸ்புக் பக்கத்துக்கு ஒரே அட்மின் என்றால், பக்கம் திறந்தே இருந்தாலும் அதற்குள் போக உங்களிடம் சாவி இல்லை. வாடிக்கையாளர் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பார், பதில் சொல்ல ஆள் இருக்காது. எனக்கு இதில் வருத்தம் தரும் பகுதி இதுதான், ஒரு டிசைன் பிரச்சினைக்காக ஆர்டர் கொடுத்த ஆள் ஏமாந்து நிற்பது.

சரி, பிரிக்க வேண்டுமா? கடைக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் கண்டிப்பாகப் பிரியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அவசரமாக Remove தொடாதீர்கள். இணைந்திருக்கும்போது ஒன்றைக் கொண்டு இன்னொன்றில் நுழைந்து பழகியிருப்பீர்கள், இன்ஸ்டாவின் பாஸ்வேர்டு என்ன என்பதே மறந்திருக்கும். முதலில் ஒவ்வொரு கணக்குக்கும் தனி மின்னஞ்சல், தனி பாஸ்வேர்டு வையுங்கள். பிறகு வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி, அந்தப் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் உள்ளே போக முடிந்தால்தான் Accounts Center, Accounts, அப்புறம் எடுக்க வேண்டிய கணக்கின் பக்கத்தில் Remove. இதைச் செய்தால் இன்ஸ்டாவில் போடுவது தானாகப் பேஸ்புக்குக்குப் போவது நின்றுவிடும், கையால் போட வேண்டும். அவ்வளவுதான் இழப்பு.

கடையின் பேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாவுக்கும் உள்ள தொடர்பு இதோடு தானாக அறுந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அது பக்கத்தின் அமைப்புகளில் Linked accounts என்ற இடத்தில் தனியாக இருக்கிறது. விளம்பரம் கொடுப்பதற்கு அது தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்துக்கு இரண்டாவது அட்மின் ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். கணவரோ, தம்பியோ, நம்பிக்கையான யாராவது, சொந்தமாக வேறு பேஸ்புக் கணக்கு வைத்திருப்பவர். இன்ஸ்டா கணக்கைக் கொண்டு திரெட்ஸ் திறந்திருந்தால் அது இன்ஸ்டா கணக்கின் மேல்தான் நிற்கிறது, இன்ஸ்டா போனால் அதுவும் போகும். வாட்ஸ்அப்பை 2025 முதல் இதே Accounts Center-இல் சேர்க்க வழி திறந்தார்கள், அது உங்கள் விருப்பம்தான். ஆர்டரும் முகவரியும் முழுக்க வாட்ஸ்அப்பில்தான் வருகிறது என்றால் நான் சேர்க்கவே மாட்டேன்.

பிரித்துவிட்டால் முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரே மொபைல் எண், ஒரே மின்னஞ்சல், ஒரே கார்டு இரண்டிலும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவனத்துக்குத் தெரிய முடியும். பிரிப்பது பெட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு வைப்பது மாதிரி. உரிமம் இல்லாத கார்ட்டூன் பெட்ஷீட் படத்தை எடுத்துவிடுவதுதான் முதல் வேலை, அதைத் தடுப்பு செய்யாது.

இன்னொரு சங்கிலியும் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. பாட்டு, சாப்பாடு, பஸ் டிக்கெட் என்று எதையாவது நிறுவும்போது "பேஸ்புக் மூலம் நுழையுங்கள்" என்ற நீல பட்டனைத் தொட்டுவிடுவோம். பேஸ்புக் மூடியதும் அந்த வழியும் மூடிவிடும். என் பெரியம்மா மகள் தன் பேஸ்புக் கணக்கை இழந்தபோது அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. அடுத்த வாரம் பிள்ளைக்கு ட்யூஷன் செயலியைத் திறந்தால், உள்ளே போக அந்த ஒரே பட்டன்தான், பாடமெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்தச் செயலியிலேயே மின்னஞ்சலைக் கொடுத்துப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பேஸ்புக்கில் Apps and websites என்ற பகுதியில் நீங்கள் இப்படி நுழைந்த செயலிகள் எல்லாம் வரும். அதைப் பார்த்து, முக்கியமானவற்றில் தனி பாஸ்வேர்டு வையுங்கள்.

ஒருவேளை முடங்கியே விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இன்ஸ்டாவில் மேல்முறையீடு செய்யுங்கள், பேஸ்புக்கில் இல்லை. நோய் அங்கேதான் இருக்கிறது, அது சரியானால் பேஸ்புக்கும் திரும்பும், பேஸ்புக் திரையே இணைந்த இன்ஸ்டாவுக்குப் போய் முறையிடச் சொல்லும். அறிவிப்பில் 180 நாள் என்று எழுதியிருக்கும், ஆறு மாதம் என்று தோராயமாக நினைக்காமல் நாள்காட்டியில் குறியுங்கள். மார்ச் 1 அன்று முடங்கினால் ஆகஸ்ட் 28 கடைசி நாள், அதற்குப் பிறகு நிரந்தரமாகப் போய்விடும். உரிமைப் புகாரால் மூடியிருந்தால், புகார் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதி அதைத் திரும்பப் பெறச் சொல்வது சில சமயம் மேல்முறையீட்டைவிட வேகமாக வேலை செய்யும். புதிதாக ஒரு கணக்கு திறந்து அதே கடையை ஓட்டாதீர்கள், அதுவும் மாட்டும்.

அங்கே பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் நியாயமாக இல்லை என்றால் இந்தியாவில் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-இன் படி, மெட்டா போன்ற நிறுவனத்தில் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், அவர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், 7 நாளில் தீர்க்க வேண்டும். அவர் முடிவு பிடிக்கவில்லை என்றாலோ, நாள் கடந்தும் தீர்க்கவில்லை என்றாலோ, 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாம் ஆன்லைன்தான், gac.gov.in. நம் கணக்கில் பார்த்தால், மார்ச் 3 அன்று குறைதீர் அதிகாரிக்கு எழுதினால் 10-க்குள் பதில் வர வேண்டும். ஏப்ரல் 9-க்குள் குழுவில் போட்டுவிட்டால் 180 நாளில் இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் கையில் இருக்கும். ஆகவே மெட்டாவின் பதிலுக்காக ஐந்து மாதம் காத்திருந்துவிட்டு அப்புறம் இங்கே வராதீர்கள். அறிவிப்பு வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி சேமித்துக்கொள்ளுங்கள், குழுவிடம் காட்ட அது உதவும். பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று டெலிகிராமில் வருபவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மேலே சொன்ன Accounts Center-இல் பார்த்தேன், நான் ஒருபோதும் திறக்காத, வேறு நாட்டுப் பெயர் போலத் தெரியும் ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கு என் பேஸ்புக்கோடு சேர்ந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: இது தெரிந்த மோசடி முறை. உங்கள் பேஸ்புக்கில் நுழைந்தவன், தன் இன்ஸ்டா கணக்கை அதோடு இணைத்துவிட்டு, அதில் விதி மீறிய படங்களைப் போடுவான். அது முடங்கும்போது உங்கள் பேஸ்புக்கும் சேர்ந்து முடங்கும். மேல்முறையீடு செய்ய அந்த இன்ஸ்டாவுக்குள் போகச் சொல்லும், அது உங்களுடையதே இல்லை என்பதால் நீங்கள் போக முடியாது. நல்லவேளை, முடங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டீர்கள்.

இன்றே, இந்த வரிசையில் செய்யுங்கள். அந்தப் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உடனே Remove. அடுத்து பாஸ்வேர்டு மாற்றுங்கள், அதே Accounts Center-இல் Password and security உள்ளே Where you're logged in என்று ஒன்று இருக்கிறது, உங்களுடையது அல்லாத போன், கணினி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். கடைசியாகத் தொடர்பு விவரத்தில் உங்களுக்குத் தெரியாத மின்னஞ்சல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள், இதை விட்டுவிட்டால் அவன் அதே வழியில் திரும்பி வந்துவிடுவான்.

அதற்குள் முடங்கிவிட்டால் facebook.com/hacked என்ற பக்கத்தில் தொடங்குங்கள், cybercrime.gov.in-இலும் புகார் பதியுங்கள். அதன் ஒப்புகை எண்ணும் நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்தால்தான், அந்த இன்ஸ்டா உங்களுடையதில்லை என்று குறைதீர் அதிகாரியிடம் காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்கும்.