மத்தளவில் இறக்கிவிட்டால் வான் பிடிக்கலாமா?

கேள்வி: போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வந்தேன். இடி மழை என்று கட்டுநாயக்கவுக்குப் பக்கத்தில் முக்கால் மணிநேரம் சுற்றினார்கள். இறங்கப் போய், ஓடுபாதை விளக்கெல்லாம் தெரிந்த பிறகு திடீரென்று மேலே தூக்கிவிட்டார்கள். கடைசியில் மத்தளவில் இறக்கி, மூன்று மணிநேரம் உள்ளேயே உட்கார வைத்தார்கள். எரிபொருள் முடிந்துவிட்டது என்று பக்கத்து ஆசனக்காரர் சொன்னார். அங்கேயே இறங்கி வான் பிடித்து வந்திருக்கலாமா? டிக்கெட் போட்டுத் தந்த முகவர், ஆளுக்கு 600 யூரோ நட்டஈடு எடுத்துத் தருகிறேன், முதலில் 15,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கட்ட வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த எரிபொருள் கதையை முடித்துவிடுவோம். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பக்கத்து ஆசனக்காரர் இதைச் சொல்லிப் பத்துப் பேரைப் பயமுறுத்திவிடுகிறார். பறப்புத் திட்டம் போடுகிற மேசையில் பல வருடம் இருந்தவன் நான். எரிபொருள் இருந்ததால்தான் உங்கள் விமானம் மத்தளவுக்குப் போனது.

தாங்கியில் எவ்வளவு நிரப்புவது என்பதை நிமிடக் கணக்கில் பார்த்தால் எளிதாகப் புரியும். சென்னையிலிருந்து கொழும்புக்கு வருவதற்கான அளவு ஒன்று. வழியில் காற்று மாறினால், சுற்றிப் போக நேர்ந்தால் என்று அதற்கு மேல் கொஞ்சம். கட்டுநாயக்கவில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போகிற அளவு இன்னொன்று. மத்தள நேர்கோட்டில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர்தான். ஏறி, பறந்து, இறங்க அரை மணிநேரத்துக்கு உட்பட்ட வேலை. அதற்கும் அடியில் 30 நிமிடம் பறக்கிற அளவுக்கு ஒரு கடைசிக் கையிருப்பு கிடக்கும். அதில் கை வைக்கிற நிலைமை வந்தால் விமானி அவசர அழைப்பு விடுத்தாக வேண்டும். இவ்வளவுக்கும் மேலே, மாலையில் இடி மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தால், தலைமை விமானி இன்னும் அரை மணியோ முக்கால் மணியோ கூடுதலாகப் போடச் சொல்வார்.

நீங்கள் சுற்றிய முக்கால் மணிநேரம் அந்தக் கூடுதலில் கழிந்தது. சுற்றுவது என்பது வானத்தில் வரிசையில் நிற்பதுதான். ஓட்டப்பந்தயத் திடல் மாதிரி ஒரு நீள்வட்டம். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம் போல ஆகும். ஒரே நீள்வட்டத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, 1,000 அடி இடைவெளியில் விமானங்களை அடுக்கி வைப்பார்கள். கீழே இருப்பது இறங்கப் போனால் மேலே உள்ளது ஒரு படி இறங்கும். கட்டுநாயக்கவில் இருப்பது ஒரே ஓடுபாதை. மழை அதன் தலைக்கு மேல் நின்றுவிட்டால் எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலுக்குப் பிறகு கட்டுகிற இடிமேகம் பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள் நகர்ந்துவிடும். அதனால்தான் உடனே வேறிடம் ஓடாமல் சுற்றிப் பார்க்கிறார்கள்.

இறங்கப் போய் மேலே தூக்கியது உங்களைக் கலங்க வைத்திருக்கும். இயந்திரம் முழு மூச்சில் உறுமும், முதுகு ஆசனத்தோடு ஒட்டும், சக்கரம் உள்ளே போகிற 'டடக்' சத்தம் கேட்கும். ஆனால் ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் அதைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். முகில் தாழ்ந்த நாளில், வழக்கமான கருவி இறக்கத்தில், 200 அடி உயரத்துக்கு வரும்போது ஓடுபாதையோ அதன் விளக்கோ தெரியாவிட்டால் மேலே போயே ஆக வேண்டும். உங்களுக்கு விளக்குத் தெரிந்தும் தூக்கினார்கள் என்றால், முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு இன்னும் விலகாமல் இருந்திருக்கலாம். அல்லது எதிர்க்காற்று சட்டென்று பின்காற்றாக மாறியிருக்கலாம். இடிமேகத்தின் அடியில் இந்த இரண்டாவது சங்கதி சாதாரணம். அப்படிப்பட்ட நேரத்தில் பிடிவாதமாக இறக்குகிற விமானிக்குத்தான் நான் பயப்படுவேன். பிறகு சில நிமிடம் அறிவிப்பே வரவில்லை என்றும் பலர் குறை சொல்வதுண்டு. முதலில் விமானத்தைப் பறக்கவிட வேண்டும், அடுத்தது கட்டுப்பாட்டுக் கோபுரம், உங்களுக்குச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

அந்த ஏற்றத்துக்கு நிறைய எரிபொருள் செலவாகும். அது முடிந்தபோது தாங்கியில் மத்தளவுக்குப் போகிற அளவும் அந்த 30 நிமிடமும் மிஞ்சியிருக்கும். இன்னொரு தடவை முயன்றால் மத்தள கணக்கு உடையும். அந்தக் கோட்டைத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும். அதைத்தான் செய்தார்கள்.

சரி, மூன்று மணிநேரம் உள்ளே என்ன செய்தார்கள்? எரிபொருள் வண்டி வர வேண்டும், புதிய பறப்புத் திட்டம் போட வேண்டும், கட்டுநாயக்கவில் மழை விட வேண்டும், திரும்பி வருகிற வரிசையில் இடம் கிடைக்க வேண்டும். மத்தளவில் ஒரே நேரத்தில் நாலைந்து விமானம் வந்து இறங்கினால் படிக்கட்டு வண்டிக்கே காத்திருக்க வேண்டிவரும். 2013இல், 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய நிலையம். 3,500 மீட்டர் ஓடுபாதை, கட்டுநாயக்கவை விட நீளம். மாற்று நிலையம் என்று பல திட்டங்களில் அதன் பெயரை எழுதுகிறோம். அப்படியிருக்க, மழைக்காலத்து மாலைகளில் நாலு ஆளையும் இரண்டு வண்டியையும் கூடுதலாக நிறுத்தி வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கட்டுநாயக்கவில் வரவேற்க நிற்கிறவர்களுக்கோ பலகையில் வெறும் 'தாமதம்' என்று காட்டுவார்கள். மத்தளவில் நிற்கிறது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இப்போது இறங்கலாமா என்ற கேள்வி. பொதுவாக வேண்டாம். நீங்கள் நடுவில் இறங்கினால் உங்கள் பெட்டியும் இறங்கியாக வேண்டும். பயணி இல்லாத பெட்டியைப் பாதுகாப்பு விதி பறக்கவிடாது. இருட்டில் பெட்டி அறையைத் திறந்து உங்கள் இரண்டு பெட்டியைத் தேடி எடுக்கும் வரை மற்றவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை விட்டு வரிசையில் கிடைத்த இடம் போய்விடும். டிக்கெட்டில் அடுத்த பயணம் ஏதாவது மிச்சம் இருந்தால் அதுவும் ரத்தாகலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நான்கு பேர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வாசலில் போய் நின்று சண்டை போடுவதால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் பயணம் கொழும்போடு முடிகிறது, கையில் கைப்பை மட்டும்தான், தலைமை விமானி சம்மதிக்கிறார், கீழே குடிவரவு அதிகாரியும் சுங்கமும் வேலையில் இருக்கிறார்கள்: இந்த நான்கும் சேர்ந்தால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டாலும் முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டு, சொந்த நாடு, யார் தடுப்பது என்று பேசக்கூடாது. வருகை முத்திரை விழாமல் கதவைத் தாண்டினால் அடுத்த முறை வெளிநாடு போகும்போது நீங்கள் இன்னும் ஊருக்கே வரவில்லை என்று பதிவு சொல்லும். திருவனந்தபுரத்தில் இறக்கியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வெளியே போக இந்திய விசா வேண்டும்.

விமான ஊழியர்களின் கடமை நேரம் முடிந்துவிட்டால் கதை வேறு. சட்டப்படி அவர்கள் அதற்கு மேல் பறக்க முடியாது. அப்போது 'பயணம் இங்கே முடிகிறது' என்று அறிவித்து எல்லோரையும் இறக்குவார்கள். பெட்டியை எடுத்து, முத்திரை வாங்கி, விமான நிறுவனம் பிடித்துத் தரும் பஸ்ஸில் ஏறுங்கள். அதிவேக நெடுஞ்சாலையில் கட்டுநாயக்கவுக்கு நாலு மணிநேரம் போல ஆகும். வாசலில் நிற்கும் வான்காரர் இரவு மழையில் என்ன விலை சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சிட்டைக்கு எந்த நிறுவனமும் பணம் தராது, முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலொழிய.

அம்மாவுடன் வருகிறீர்கள் என்பதால் ஒன்று: மருந்தைக் கைப்பையில் வையுங்கள், அதுவும் மறுநாள் காலைக்கும் சேர்த்து. பெட்டி அறைக்குள் போன இன்சுலினை மத்தளவில் எவராலும் எடுத்துத் தர முடியாது. போர்டிங் அட்டையை எறிய வேண்டாம். திசைமாறி வேறிடத்தில் இறங்கியதை உறுதிப்படுத்தும் கடிதத்தை விமான நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். காப்புறுதி எடுத்திருந்தால் அதுதான் கேட்பார்கள்.

இனி உங்கள் முகவர். அவர் சொல்கிற 600 யூரோ ஐரோப்பிய விதியில் வருவது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கும், ஒன்றியத்து நிறுவனத்தில் அங்கே போகும் பயணங்களுக்கும் உரியது. சென்னை - கொழும்புக்கு அதில் இடமே கிடையாது. ஐரோப்பாவிலும் இடி மழைக்கு அந்தப் பணம் கிடைக்காது. சர்வதேச உடன்படிக்கைப்படி தாமதத்தால் வந்த உண்மையான நட்டத்தைக் கேட்கலாம்தான். ஆனால் தங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம் என்று நிறுவனம் காட்டிவிட்டால் அதுவும் இல்லை. ஆக, அந்த 15,000 ரூபாய்க்கு அவர் செய்யப்போவது ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. அதை நீங்களே இலவசமாக அனுப்பலாம்.

அந்த முகவர் போட்ட டிக்கெட்டைக் கையோடு எடுத்து ஒருமுறை பாருங்கள். தொடர்பு இலக்கம் என்று உங்களுடையது இருக்கிறதா, அவருடையதா? பெரும்பாலும் அவருடையது இருக்கும். விமான நிறுவனம் அனுப்புகிற ஒவ்வொரு தகவலும் அவர் கைபேசிக்குப் போகும். நீங்கள் விமானத்துக்குள் இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

இதைவிட மோசமானது, இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டி 'கொழும்பு வழியாக' என்று விற்பது. சென்னையிலிருந்து கொழும்பு வந்து டோஹா போக வேண்டிய ஒரு பையன், இரண்டரை மணிநேர இடைவெளியில், இப்படித்தான் மத்தளவில் மாட்டினான். டோஹா விமானம் போய்விட்டது. முதல் நிறுவனம் 'கொழும்போடு எங்கள் வேலை முடிந்தது' என்றது, இரண்டாவது நிறுவனம் 'நீ வரவில்லை' என்றது. இரண்டு பேரும் சொன்னது சரி. வேலைக்குச் சேர வேண்டிய நாளில் அவன் புதிய டிக்கெட் வாங்கினான். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பாகியிருக்கும். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பதிவு இலக்கம் முழுப் பயணத்துக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் பெட்டிக்கு ஒட்டுகிற அட்டையையும் பாருங்கள்: கடைசி ஊர் DOH என்று இருக்க வேண்டும். CMB என்று மட்டும் இருந்தால் கவுன்டரை விட்டு நகராமல் அங்கேயே கேளுங்கள்.