கருமுடி வெளுக்காமல் சாக்பீஸ் ஓவியம்

கேள்வி: ஆசிரியர் தின அட்டைக்காக மகளின் படத்தைக் கரும்பலகையில் பிள்ளைகள் சாக்பீஸால் வரைந்தது மாதிரி ஜிம்ப்பில் மாற்றுகிறேன். முடி மட்டும் நரைத்தது போல வெள்ளையாக வருகிறது. ஏன்?

பதில்: இந்த மாற்றத்துக்கு அடுக்குகளைக் கலக்கும் 'டாட்ஜ்' முறையின் கணக்கு அப்படி. அது ஒவ்வொரு புள்ளியையும் வெளுக்கச் செய்து ஓரங்களை மட்டும் கோடாக விடும். ஆனால் முழுக்கறுப்பின் மதிப்பு 0. அதை எதால் பெருக்கினாலும் 0தான், அதனால் வெளுக்காமல் கறுப்பாகவே நின்றுவிடும். கடைசியில் Invert செய்து கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றும்போது அந்த இடம் முழுக்க வெள்ளைத் திட்டாகிறது. நம் பிள்ளைகளின் எண்ணெய் வைத்த கருமுடியில் இது நிச்சயம் தெரியும். ஒரே தட்டில் மாற்றித் தரும் செயலிகளைச் செய்கிறவர்கள் இப்படி ஒரு தலையை வைத்துச் சோதித்துப் பார்ப்பதில்லையோ என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

தீர்வு முதல் படியிலேயே இருக்கிறது. Desaturate செய்த உடனே Levels திறந்து, கீழே உள்ள Output Levels வரிசையில் இடப்பக்க 0ஐ 60 ஆக்குங்கள். கறுப்பு அடர்சாம்பலாகும். அடுத்து அடுக்கை நகலெடுத்து, நகலுக்கு Invert, முறை Dodge, பிறகு Gaussian Blur. 2400 புள்ளி அகலப் படத்துக்கு 10 போதும். கூட்டினால் கோடு தடிக்கும். Merge Down செய்து மறுபடி Invert. இப்போது முடி வெறும் கோடுகளாக நிற்கும். இந்த அடுக்கைப் பலகைப் படத்தின் மேல் வைத்து Screen முறை கொடுத்தால் கறுப்பு மறைந்துவிடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுத்த படம் என்றால் தூண், சைக்கிள் எல்லாம் கோடாக வரும். அவற்றை முதலிலேயே வெள்ளையடித்துவிடுங்கள்.

இதுவரை வந்தது பென்சில் கோடுதான். சாக்பீஸ் பலகையின் மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்களில் ஒட்டாது. அதனால் கோட்டு அடுக்குக்கு Layer Mask சேர்த்து, அதே பலகைப் படத்தைச் சாம்பலாக்கி, வெளிச்ச வேறுபாட்டை நன்றாகக் கூட்டி அதில் ஒட்டுங்கள். வேறு பலகையின் சொரசொரப்பை ஒட்டினால் மேலே மிதப்பது போலத் தெரியும். பலகைச் சொரசொரப்பின் ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் அகலத்தில் கால்வாசி இருக்கட்டும். பெரிதானால் கோடு புள்ளிகளாக உடையும்.

வண்ணத்துக்குத் தனி அடுக்கில் Chalk 01 தூரிகை. எல்லாம் ஒரே சாய்வில், ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வழியட்டும். குழந்தைக் கை அங்கேதான் தெரியும். இதற்கும் அதே மாஸ்க். கையாலேயே வரையச் சொல்லலாமே என்பவர்களுக்கு: முகச்சாயல் வேண்டும் என்பதால்தான் இத்தனை வேலை.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அழகான சாக்பீஸ் எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. 'ஆசிரியர் தின வாழ்த்துகள்' என்று அடித்தால் சாதாரண அச்செழுத்துதான் வரும். மகளையே வெள்ளைத்தாளில் தடித்த கறுப்பு மார்க்கரால் எழுதச் சொல்லிப் படமெடுத்து, Invert செய்து, Screen முறையில் வைத்து, அதே மாஸ்க்கைப் போடுங்கள்.