வர்ச்சுவல் நாய்ப் பந்தயம்: ஜெயிப்பது எது என்று எப்போது முடிவாகிறது?

"அண்ணாச்சி, எங்களுக்கு வீரவநல்லூர். என் தம்பி ராத்திரியெல்லாம் செல்போனில் வர்ச்சுவல் நாய்ப் பந்தயத்தில் பணம் கட்டுகிறான். மூணு நிமிஷத்துக்கு ஒரு ரேஸ், ஆறு நாய். மாட்டுவண்டிப் பந்தயத்தில் மாட்டைப் பார்த்தே சொல்லிவிடுகிறவன், அதனால் இதையும் பிடித்துவிடலாம் என்கிறான். 'ஆறாம் நம்பர் இருபது ரேஸா வரல, இனி வந்துதான் ஆகணும்' என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். டெலிகிராமில் ஒருவர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ரிசல்ட்டை முன்கூட்டியே சொல்கிறாராம். யார் ஜெயிப்பது என்று எப்போது, எப்படி முடிவாகிறது? முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?"

ஒழுங்காகச் செய்யப்பட்ட வர்ச்சுவல் பந்தயத்தில், பணம் கட்டும் நேரம் மூடியதும் முடிவு வந்துவிடுகிறது. நாய்கள் பெட்டியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எது முதலில் வரும் என்று கம்பெனியின் சர்வருக்குத் தெரியும். அதன் பிறகு திரையில் ஓடுவது, வந்துவிட்ட முடிவுக்குப் பொருத்தமான படம்.

மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடோ சின்ன மாடோ பூஞ்சிட்டோ, மாட்டின் உடம்பு, சாரதியின் கை, ரோட்டின் வளைவு எல்லாம் சேர்ந்துதான் எல்லைக்கு யார் முதலில் வருகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் தம்பியின் கண்ணுக்கு அங்கே வேலை இருக்கிறது. நாய்ப் பந்தயத்திலோ முடிவு முதலில், ஓட்டம் பிறகு. நாலாம் நாய் திருப்பத்தில் வெளியே விலகியதால் தோற்கவில்லை. அது தோற்கும் என்று ஏற்கெனவே வந்துவிட்டதால் அது விலகுகிற படம் காட்டப்படுகிறது. பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் 'கடைசி ஐந்து ஓட்டம்' என்ற விவரத்துக்குப் பின்னாலும் ஓடிக் களைத்த நாய் எதுவும் கிடையாது.

அந்த மூன்று நிமிஷத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் சர்வர் அடுத்த பந்தயத்துக்கான அட்டவணையைத் தயார் செய்கிறது: ஆறு பெயர், ஆறு விலை, ஒரு பந்தய எண். ஒவ்வொரு நாயும் ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதும் அப்போதே உள்ளே எழுதப்பட்டுவிடும். ஜெயித்தால் கட்டியதற்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்கிற விலை அதிலிருந்துதான் வருகிறது. பிறகு சுமார் இரண்டு நிமிஷம் பணம் கட்டலாம். ஓட்டம் தொடங்கச் சில வினாடி இருக்கும்போது கட்டுவது மூடப்படும். மூடியதும் ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் என்கிற நிரல் ஓர் எண்ணை எடுக்கும். அந்த எண் எந்த நாயின் பங்கில் விழுகிறதோ அது முதலிடம். அடுத்தடுத்த இடங்களும் இதே மாதிரி. வரிசை வந்ததும், அதற்கு ஒத்த படத்தை சர்வர் சேமிப்பிலிருந்து எடுத்தோ அந்த நேரத்தில் வரைந்தோ அனுப்பும். அரை நிமிஷம் ஓடும். பணம் கணக்கில் ஏறும், அல்லது ஏறாது.

கட்டுவது மூடியதா இல்லையா என்பதை சர்வரின் கடிகாரம்தான் சொல்கிறது. அதனால் நெட் வேகமாக இருந்தால் படத்தை முன்னாலேயே பார்த்துக் கட்டிவிடலாம் என்பது நடக்காது. உங்கள் ஊரில் சிக்னல் திணறி படம் பத்து வினாடி பிந்தி வந்தாலும், முடிவில் ஒரு மாற்றமும் இல்லை. சில கம்பெனிகள் கடைகளுக்கும் ஆப்களுக்கும் சேர்த்து அனுப்ப வசதியாக முடிவை முன்னாலேயே எடுத்துப் பூட்டி வைப்பதும் உண்டு. அங்கே ஆபத்து உள்ளிருந்து கசிவதில்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். விலைகள் நான் உதாரணத்துக்குப் போட்டவை. முதல் நாய்க்கு 3.60, இரண்டாவதுக்கு 4.20, மூன்றாவதுக்கு 5.00, நாலாவதுக்கு 5.50, ஐந்தாவதுக்கு 6.50, ஆறாவதுக்கு 9.00. முதல் நாயில் 100 ரூபாய் கட்டி அது வந்தால் 360 ரூபாய் கைக்கு வரும் என்று பொருள்.

எந்த நாய் வந்தாலும் 1,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும்படி ஆறிலும் கட்டினால் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். முதல் நாயில் 278, பிறகு 238, 200, 182, 154, கடைசியில் 111. கூட்டினால் 1,163 ரூபாய். 1,163 கட்டி, எது வந்தாலும் 1,000 வாங்குகிறோம். நடுவில் காணாமல் போகும் 163 ரூபாய், அதாவது 14 சதவீதம், கம்பெனியின் பங்கு. இந்தப் பங்கு எல்லா நாய்க்கும் ஒரே அளவில் வைத்திருந்தால், முதல் நாய்க்கு உண்மையான வாய்ப்பு 23.9 சதவீதம், ஆறாவதுக்கு 9.6. ஜெனரேட்டர் 1 முதல் 1,000 வரை ஓர் எண்ணை எடுப்பதாக வைத்துக்கொண்டால், 1 முதல் 239 வரை முதல் நாய், 905 முதல் 1,000 வரை ஆறாம் நாய், நடுவில் மற்றவை. எந்த நாயை எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தாலும், நீண்ட கணக்கில் 100 ரூபாய்க்கு 86 ரூபாய்தான் திரும்பும். அட்டவணைக்குள் மலிவான நாய் என்று ஒன்று ஒளிந்திருக்காது. நிஜக் குதிரைப் பந்தயத்தில் விலை போட்டவர் குதிரையைத் தப்பாக எடை போட்டிருக்கலாம். இங்கே விலையையும் வாய்ப்பையும் எழுதுவது ஒரே நிரல். தன்னைப் பற்றி அது தப்பாகக் கணிக்க வழியில்லை.

பந்தயம் அடிக்கடி வருவதுதான் இதில் பெரிய சேதம். மூன்று நிமிஷத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு இருபது. ராத்திரி மூன்று மணி நேரம், ஒவ்வொன்றிலும் 50 ரூபாய் என்றால் 3,000 ரூபாய் புரளுகிறது. அதில் 14 சதவீதம், 420 ரூபாய், சராசரியாகப் போய்விடும். மாதத்துக்கு 12,600. ஒரு ராத்திரி நல்லா வரும், அடுத்த ராத்திரி எல்லாம் போகும், ஆனால் சராசரி அந்தப் பக்கமேதான் இழுக்கும். "நான் கையில் இருந்து 500தான் போட்டேன்" என்று தம்பி சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஜெயித்த பணத்தையே மறுபடி மறுபடி கட்டும்போது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த 14 சதவீதம் கழிகிறது.

சரி, ஆறாம் நம்பர் நோட்டுக்கு வருவோம். 9.6 சதவீத வாய்ப்புள்ள நாய் குறிப்பிட்ட இருபது பந்தயத்தில் ஒருமுறைகூட வராமல் இருக்க 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ராத்திரிக்கு அறுபது பந்தயம் பார்க்கிறவர் இந்த மாதிரி வறட்சியை அடிக்கடி பார்ப்பார். பார்க்காமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இருபத்தொன்றாவது பந்தயத்தில் அதன் வாய்ப்பு அதே 9.6தான், ஏனென்றால் எண்ணை எடுக்கும் நிரல் போன பந்தயத்தின் முடிவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தோற்றால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கட்டுவது என்ற வழக்கத்தில் அவர் இருந்தால் இன்னும் கவலை. 50, 100, 200 என்று போனால் ஆறு தோல்வியில் 3,150 ரூபாய் தீர்ந்துவிடும். அதிகம் வரக்கூடிய முதல் நாயிலேயே கட்டினாலும், தொடர்ந்து ஆறு தோல்விக்கு 19 சதவீத வாய்ப்பு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று.

முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் உலகத்தில் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1999-இல் ஓர் ஆன்லைன் போக்கர் மென்பொருள், சீட்டைக் கலைக்க நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகளை ஆரம்ப எண்ணாக எடுத்துக்கொண்டது. ஒரு நாளில் இருப்பதே 8 கோடியே 64 லட்சம் மில்லிவினாடிதான். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைப் பொருத்திய ஆய்வாளர்கள், கலைந்த சீட்டுக்கட்டு முழுவதையும் கண்டுபிடித்துக் காட்டினார்கள். இப்போது ஒழுங்கான நிரல்கள் கடிகாரத்தை மட்டும் நம்புவதில்லை. அடுத்தது அமெரிக்க லாட்டரியில் நடந்தது. அங்கே கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த எடி டிப்டன் என்பவரே, குறிப்பிட்ட சில தேதிகளில் எண்கள் கணிக்கக்கூடியதாக வரும்படி நிரலை எழுதி வைத்தார். 2017-இல் அவருக்கு 25 ஆண்டு வரை சிறை விதித்தார்கள். அவர் அந்த எண்களை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? சொந்தத் தம்பிக்கும் நெருங்கிய நண்பருக்கும். உண்மையில் முடிவு தெரிந்தவர் அதை முன்பின் தெரியாதவருக்கு 500 ரூபாய்க்கு விற்க மாட்டார்.

டெலிகிராம்காரருக்கு எதுவும் தெரிய வேண்டியதே இல்லை. 6,000 பேரை ஆறாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாயைச் சொன்னால், 1,000 பேருக்குப் பலித்துவிடும். அவர்களை மட்டும் மறுபடி ஆறாகப் பிரித்தால் 160 பேருக்கு மேல் இரண்டு முறை பலிக்கும். மூன்றாவது முறை பலித்த சுமார் 28 பேர், கேட்ட பணத்தைக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். தோற்றவர்களின் சத்தம் குழுவில் கேட்காது, அங்கே பதில் எழுத அனுமதி இருக்காது.

இதுவரை சொன்னது நேர்மையாக நடக்கும் பந்தயத்தைப் பற்றி. பிரிட்டன் போன்ற நாடுகளில் உரிமம் வாங்கிய கம்பெனியின் ஜெனரேட்டரைத் தனிச் சோதனைக்கூடம் பரிசோதித்துத்தான் அனுமதிக்கிறார்கள். லிங்க் அனுப்பி ஏ.பி.கே. கோப்பாக இறக்கிக்கொள்ளச் சொல்லும் ஆப்பில் இதற்கு யாரும் பொறுப்பில்லை. கட்டுவது மூடிய பிறகு எந்த நாயில் பணம் குறைவாக விழுந்திருக்கிறது என்று பார்த்து அதையே ஜெயிக்க வைப்பது நிரல் எழுதுகிறவருக்குச் சுலபம். வெளியிலிருந்து பிடிப்பதுதான் கஷ்டம். மேலே சொன்ன முதல் நாய் 400 பந்தயத்தில் சுமார் 96 முறை வர வேண்டும். 80 முறைதான் வந்தது என்று நோட்டில் இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் தற்செயலாகவும் அவ்வளவு குறையக்கூடும். ஒரு சின்ன சோதனை மட்டும் இருக்கிறது, அதற்குப் பணம் கட்ட வேண்டாம். இரண்டு போனில் இரண்டு கணக்கில் ஒரே பந்தய எண்ணைத் திறந்து பாருங்கள். முடிவு வேறு வேறாக வந்தால் ஆளுக்கொரு பந்தயம் தயாராகிறது என்று தெரிந்துவிடும். ஒன்றாகவே வந்தாலும் நேர்மை என்று ஆகாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், விளையாடுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ 1 கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று சொல்கிறது.

கடைசியாக, உடனே பார்க்க வேண்டியது தம்பியின் வங்கிக் கணக்கு. இந்த ஆப்கள் ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய யு.பி.ஐ. எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொல்லும், ஜெயித்த பணமும் தெரியாத கணக்கிலிருந்து வரும். அந்தக் கணக்கு ஏதாவது மோசடிப் புகாரில் சிக்கியிருந்தால், அதிலிருந்து பணம் வந்த உங்கள் தம்பியின் கணக்கையும் வங்கி முடக்கலாம். சம்பளம் வரும் கணக்கு அதுவாக இருந்தால் முதலில் அந்த இணைப்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆப்பில் மீதி கிடக்கும் பணத்தை எடுக்க "முதலில் வரி கட்டு" என்று கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்; உண்மையான வரியை இப்படித் தனியாக அனுப்பச் சொல்லி யாரும் கேட்பதில்லை. உரையாடல், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். ஆப்பை அழிப்பது அதற்குப் பிறகுதான். முதலிலேயே அழித்தால் புகாருக்கு வேண்டிய விவரமும் அதோடு போய்விடும்.