ராஜினாமாவை ஏற்கும் கடிதம்: 'அக்செப்டட்' என்று ஒரு வரி போதுமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். ஆறு வருடமாக எங்களிடம் இருக்கும் கணக்காளர் ஜூன் 3-ம் தேதி மெயிலில் ராஜினாமா அனுப்பினார். நோட்டீஸ் 60 நாள். அவர் ஜூன் 30-ல் விடுவிக்கச் சொல்கிறார், எனக்கும் ஆட்சேபம் இல்லை. 'அக்செப்டட்' என்று பதில் போட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்த ஒரு வார்த்தையில் எந்தத் தேதியும் இல்லை. பின்னால் வரும் தகராறெல்லாம் தேதியில்தான் தொடங்கும்.

பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவன ஊழியர் ஒருவர் 1993 ஜனவரி 4-ம் தேதி ராஜினாமா செய்தார். நிறுவனம் அன்றே ஏற்றுக்கொண்டது. ஆனால் இடைப்பட்ட நாள்களுக்கு விடுப்பு கொடுத்து, 15-ம் தேதி விடுவிப்பதாகவும் எழுதிவிட்டது. அவர் 8-ம் தேதி மனம் மாறி ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலை முடியும் நாள் 15-ம் தேதிதான், அதற்கு முன் திரும்பப் பெற்றது செல்லும் என்று 2005-ல் தீர்ப்பானது. அது பொதுத்துறை நிறுவனம். உங்களைப் போன்ற தனியாரிடம் மறுபடி வேலை கொடுக்கச் சொல்லும் உத்தரவு அவ்வளவு எளிதில் வராது. இருந்தாலும் ஒரே கடிதத்தில் இரண்டு தேதிகளுக்கு இடம் வைக்காதீர்கள். ஏற்றதை அவர் கைக்குச் சேர்ப்பதும் முக்கியம். உங்கள் ஃபைலில் மட்டும் குறித்து வைத்தால் போதாது.

அடுத்தது நோட்டீஸ் தள்ளுபடி. ஜூன் 4-ஐ முதல் நாளாக எண்ணினால் 60-வது நாள் ஆகஸ்ட் 2. ஜூன் 30 வரை 27 நாள் ஆகிறது, மிச்சம் 33 நாள். அவர் மாதச் சம்பளம் 42,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 21,000 என்று வைத்துக்கொள்வோம். 33 நாளை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் 46,200 ரூபாய், அடிப்படையில் கணக்கிட்டால் 23,100. கடிதம் வாய் திறக்காமல் இருந்தால், செட்டில்மென்ட் போடுபவர் இதைப் பிடித்துவிடுவார். ஊழியர், 'முதலாளிதானே போகச் சொன்னார்' என்பார். எதிர்ப்பக்கமும் உண்டு: நீங்களே முன்கூட்டி அனுப்பியதாகச் சொல்லி அந்த 33 நாள் சம்பளத்தைக் கேட்கலாம். ஆகவே இரண்டு பக்கமும் அடைபடும்படி எழுத வேண்டும்.

இந்த வாசகத்தை அப்படியே பயன்படுத்தலாம்:

"தாங்கள் 3.6.2026 அன்று மின்னஞ்சலில் அளித்த ராஜினாமா ஏற்கப்படுகிறது. தங்கள் கடைசி வேலை நாள் 30.6.2026, அன்று பணி நேரம் முடிந்ததும் விடுவிக்கப்படுவீர்கள். நியமனக் கடிதப்படி நோட்டீஸ் காலம் 2.8.2026 வரை உள்ளது. தங்கள் வேண்டுகோளின்படி 1.7.2026 முதல் 2.8.2026 வரையான 33 நாள்கள் தள்ளுபடி செய்யப்படுகின்றன. இந்த நாள்களுக்காகத் தங்களிடம் தொகை எதுவும் பிடிக்கப்படாது. இந்த நாள்களுக்குச் சம்பளமும் வழங்கப்படாது. இணைப்பில் உள்ள ஒப்படைப்புகளை 26.6.2026-க்குள் முடித்துக் கையொப்பம் பெறவும்."

ஒப்படைப்புக்கு நான்கு நாள் முன்னதாகத் தேதி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 'நோ டியூஸ் வந்தால்தான் சம்பளம்' என்று பல நிறுவனங்கள் இழுத்தடிப்பது வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கு ஊதியப் பாக்கியை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும். உங்கள் கணக்கில் அது ஜூலை 2. ஐந்து வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டியும் உண்டு. அதற்கு 30 நாள் அவகாசம். ஒப்படைப்பு முடிந்தால்தான் ராஜினாமா ஏற்கப்படும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் ஏற்பே தொங்கலில் நிற்கும்.

இணைப்பில் லேப்டாப்பும் சாவியும் யாருக்கும் மறக்காது. கணக்காளர் என்பதால் மறக்கக்கூடியவை வேறு: டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டேலி பாஸ்வேர்டு, காசோலைப் புத்தகம். இவற்றைவிடத் தொல்லை தருவது மொபைல் எண். ஜிஎஸ்டி தளத்திலும் வங்கியிலும் அவருடைய சொந்த எண் பதிவாகியிருந்தால், அவர் போன பிறகு ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளில் அவரைக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கும். எண்ணை மாற்றி, புது எண்ணில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்த பிறகே அந்த வரியில் கையொப்பம் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பெற்றுக்கொள்பவர் பெயரும் இருக்கட்டும்.

மிச்ச விடுப்பைப் பணமாகத் தருகிறீர்களா, இல்லையா என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பிஎஃப் தளத்தில் வெளியேறிய தேதியாக 30.6.2026-ஐயே பதியுங்கள், அனுபவச் சான்றிலும் அதே தேதி. கடிதத்தை மெயிலில் அனுப்புவதோடு, ஒரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு அவர் கையொப்பத்தையும் வாங்கி வையுங்கள்.