தைராய்டு குறைவா, பிட்யூட்டரி கட்டியா? கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் நாளமில்லாச் சுரப்பி நோய்களில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர்.)

கேள்வி: என் மனைவிக்கு வயது 29. ஒன்பது மாதமாக மாதவிலக்கு வரவில்லை, மார்பில் பால் கசிகிறது, தலைவலியும் இருக்கிறது. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் 78. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி 16 மி.மீ. உயரம், 'மேக்ரோ அடினோமா', அதாவது பெரிய கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். அறுவைக்குத் தேதியும் குறித்தாயிற்று. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 150க்கு மேல், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 0.2. தைராய்டு தனிப் பிரச்சினை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பதில்: தைராய்டு இங்கே தனிப் பிரச்சினை அல்ல; மற்ற அனைத்துக்கும் அதுவே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. தைராய்டு பல ஆண்டுகளாகப் போதிய அளவு சுரக்காதபோது, அதைத் தூண்டுவதற்காக மூளையின் ஹைபோதலாமஸ் டி.ஆர்.எச். என்னும் ஹார்மோனை இடைவிடாமல் அனுப்புகிறது. அந்த ஏவலைக் கேட்டு, டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரி செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதால் சுரப்பி முழுவதுமே உப்புகிறது. அதே டி.ஆர்.எச். ப்ரோலாக்டின் செல்களையும் தூண்டுவதால்தான் பால் கசிகிறது, மாதவிலக்கும் நிற்கிறது. இதைக் கட்டி என்று சொல்வதைவிட, அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்ட சுரப்பியின் வீக்கம் என்று சொல்வதே பொருந்தும்.

எண்களும் இதற்கு ஒத்துப்போகின்றன. ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்திருந்தால், இரத்தத்தில் ப்ரோலாக்டின் பெரும்பாலும் 200க்கு மேல் இருக்கும். தைராய்டு குறைவால் உயரும் ப்ரோலாக்டினோ பெரும்பாலும் 100க்குள் அடங்கிவிடும். ஆனாலும் 78 என்ற எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. எதையும் சுரக்காத கட்டி பிட்யூட்டரியின் காம்பை அழுத்தினாலும் இதே அளவு வரும். இங்கே வழக்கைத் தீர்த்துவைப்பது டி.எஸ்.எச்.தான். வீக்கம் பார்வை நரம்பை அழுத்துகிறதா என்று காட்டும் பார்வைப் புலப் பரிசோதனையில் பக்கவாட்டுப் பார்வை குறையவில்லை என்றால், அறுவையைத் தள்ளிவைத்துவிட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரின் கருத்தை உடனே கேளுங்கள். இந்த நிலையில் அறுவை செய்தால் எடுபடுவது நல்ல சுரப்பித் திசுதான். அதன்பின் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் உள்ளிட்ட பல ஹார்மோன்களை வாழ்நாள் முழுவதும் மாத்திரையாக எடுக்க நேரிடலாம்.

கேள்வி: டி.எஸ்.எச்.ஐச் சுரப்பது பிட்யூட்டரிதானே? அது இவ்வளவு அதிகமாக இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறது என்றுதானே பொருள்? அப்படி ஒரு கட்டி உண்டு என்று படித்திருக்கிறேன்.

பதில்: பாதி சரி. டி.எஸ்.எச். சுரக்கும் கட்டி அரிதாக உண்டு. ஆனால் அந்தக் கட்டி தைராய்டை ஓயாமல் விரட்டுவதால் டி4 உயர்ந்திருக்கும். நோயாளிக்குப் படபடப்பும் எடை இழப்பும் காணப்படும். முதல் கேள்வியில் டி4 ஏறக்குறைய வற்றிப்போயிருக்கிறது. ஆகவே டி.எஸ்.எச்.ஐத் தனியாகப் படிக்காமல், டி4உடன் சேர்த்தே படிக்க வேண்டும். இதற்கு நேர்மாறான நிலையையும் மறந்துவிடக் கூடாது: டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். அதற்கேற்ப உயராமல், குறைவாகவோ இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ மட்டும் இருந்தால், பிட்யூட்டரியே பழுதுபட்டிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். அங்கே கட்டி காரணமாகவும், தைராய்டு குறைவு அதன் விளைவாகவும் இருக்கலாம்.

கேள்வி: எனக்கும் இதே போலத்தான், ஐயா. ப்ரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரையை வாரம் இருமுறை எடுக்கிறேன். பால் கசிவு நின்றுவிட்டது, ப்ரோலாக்டின் 12க்கு இறங்கிவிட்டது. மருந்து கேட்டிருப்பதால் எனக்கு இருப்பது ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டியான ப்ரோலாக்டினோமா என்பது உறுதிதானே?

பதில்: உறுதி இல்லை, அம்மா. ப்ரோலாக்டின் எந்தக் காரணத்தால் உயர்ந்திருந்தாலும் கேபர்கோலின் அதை இறக்கிவிடும். எண் இறங்கியதைக் கண்டு நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது. நான் பார்த்த ஒரு பெண்ணுக்கு ஓராண்டுக்கும் மேலாக இந்த மாத்திரை தரப்பட்டிருந்தது. ப்ரோலாக்டின் அழகாக இருந்தது. சோர்வு, மலச்சிக்கல், முகவீக்கம், கரகரத்த குரல் என்று மற்றவை எல்லாம் அப்படியே இருந்தன. ஒருமுறைகூட டி.எஸ்.எச். பார்க்கப்படவில்லை. உங்களுடைய பழைய அறிக்கைகளில் மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய டி.எஸ்.எச். இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இப்போது பாருங்கள்; அதுவரை நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நான் கதிரியக்கவியல் துறையில் இருக்கிறேன். இத்தகைய வீக்கம் இருபுறமும் சமமாக, மேல்நோக்கிக் குவிமாடம் போல எழும்பி, சாயத்தை ஒரே சீராக ஏற்கும். காம்பும் ஒரு பக்கம் சாயாது. படத்தைக் கொண்டே பிரித்துவிடலாம் அல்லவா?

பதில்: நீங்கள் சொல்லும் தோற்றம் சரியானது, அதைக் கண்டதும் "டி.எஸ்.எச். பார்க்கவும்" என்று அறிக்கையிலேயே ஒரு வரி எழுதும் உங்களைப் போன்றவர்களால் தப்பியவர்கள் பலர். ஆனால் சில அடினோமாக்களும் சீராகவே சாயம் ஏற்கின்றன. சில வீக்கங்கள் ஒரு பக்கம் தூக்கலாக இருக்கின்றன. எனவே படம் ஐயத்தை எழுப்பப் போதுமே தவிர, தீர்ப்புச் சொல்லப் போதாது. தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் கொடுத்ததும் சுருங்குகிறதா என்பதையே நான் கடைசிச் சான்றாக வைத்துக்கொள்வேன்.

கேள்வி: என் டி.எஸ்.எச். 6.8. எனக்கும் பிட்யூட்டரி வீங்கியிருக்குமா? எம்.ஆர்.ஐ. எடுத்துவிடட்டுமா?

பதில்: வேண்டாம். இங்கே பேசுவது, நெடுங்காலம் மருந்தின்றி விடப்பட்ட கடுமையான குறைவைப் பற்றி.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான். அறுவையைத் தள்ளிவைத்துவிட்டார்கள், பார்வைப் புலம் இயல்பாக இருக்கிறது. இனி மருந்து எப்படி, எத்தனை நாளில் தெரியும்?

பதில்: மாத்திரைக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள்: காலை நேரக் கார்டிசாலைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டைத் தாக்கும் அதே தன்னெதிர்ப்புக் கோளாறு சிலருக்கு அட்ரீனலையும் தாக்கியிருக்கும். வீங்கிய பிட்யூட்டரியாலும் கார்டிசால் குறையலாம். அந்தக் குறை தெரியாமல் தைராக்சின் தொடங்கினால் நோயாளி திடீரென்று சரிந்துவிடக்கூடும்.

நான் மேலே சொன்ன பெண்ணுக்கு எடை 60 கிலோ, இதய நோய் இல்லை, கார்டிசால் இயல்பு. ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில் நாளுக்கு 100 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் கொடுத்தோம். முதியவராகவோ இதய நோயாளியாகவோ இருந்திருந்தால் 12.5 அல்லது 25இல் தொடங்கி மெல்ல ஏற்றியிருப்போம். எட்டாவது வாரத்தில் டி.எஸ்.எச். 150இலிருந்து 21க்கு இறங்கியது. கேபர்கோலினை நிறுத்திய பிறகும் ப்ரோலாக்டின் ஏறவில்லை. மூன்றாம் மாதத்தில் மாதவிலக்கு திரும்பியது. நான்காம் மாத எம்.ஆர்.ஐ.யில் 15 மி.மீ. இருந்த சுரப்பி 7 மி.மீ. ஆகியிருந்தது. எல்லோருக்கும் இதே வேகத்தில் நடக்காது. ஆனாலும் சில மாதங்களில் சுருங்கும் போக்காவது தெரிந்துவிட வேண்டும். இடையில் பார்வை மங்கினால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு ஐந்து மாதம் ஆகியும் 12 மி.மீ.யிலேயே நிற்கிறது. டி.எஸ்.எச். 38. அப்படியானால் அது கட்டிதானா?

பதில்: ஐந்து மாதத்துக்குப் பிறகும் டி.எஸ்.எச். 38 என்றால் பிட்யூட்டரிக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. சுருங்கவில்லை என்று அதைக் குறை சொல்வதில் பயனில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்கிறாரா, உணவுக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுகிறாரா, இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரையை அதனுடனே விழுங்குகிறாரா என்று கேளுங்கள். அவ்விரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். டோஸ் போதாமலும் இருக்கலாம். டி.எஸ்.எச். இயல்புக்கு வந்து சில மாதங்கள் கழிந்த பின்னும் அதே 12 மி.மீ. நின்றால்தான், வீக்கத்துக்குள் ஓர் அடினோமாவும் ஒளிந்திருக்கிறதா என்ற கேள்வி எழும். அந்தக் கட்டத்தில் எவ்வளவு காலம் பொறுப்பது என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பார்வை பாதிக்கப்படாதவரை நான் இன்னொரு எம்.ஆர்.ஐ. வரைக்கும் பொறுப்பேன், அறுவை மருத்துவரான என் நண்பர் அவ்வளவு காலம் பொறுக்க மாட்டார்.